ஒரே எடை, வெவ்வேறு கலோரி

எடை 80 கிலோ, உயரம் 175 செ.மீ., வயது 35. மூன்றும் ஒத்துப்போகும் இரண்டு ஆண்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பல வருடமாக ஜிம்மில் பளு தூக்குகிறவர், உடலில் கொழுப்பு 15 சதவீதம். இன்னொருவருக்கு நாற்காலி வேலை, கொழுப்பு 32 சதவீதம். சும்மா படுத்திருந்தாலே இவர்கள் உடம்பு ஒரு நாளில் எத்தனை கலோரி எரிக்கும்?

மிஃப்ளின் சூத்திரம் இருவருக்கும் சுமார் 1,724 என்றே சொல்லும். அமெரிக்காவில் 498 பேரை அளந்து 1990இல் வெளியிட்ட கணக்கு இது. எடையை 10ஆலும் உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழிக்க வேண்டும். பிறகு ஆணுக்கு 5 கூட்டல், பெண்ணுக்கு 161 கழித்தல். எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்ற பேச்சே இதில் கிடையாது.

கேட்ச்-மெக்கார்டிலுக்கு அது ஒன்றுதான் வேண்டும். கொழுப்பு போக மிஞ்சும் எடையை 21.6ஆல் பெருக்கி 370 கூட்டினால் முடிந்தது. பளு தூக்குகிறவருக்கு 68 கிலோ மிஞ்சுகிறது, விடை 1,839. மற்றவருக்கு 54.4 கிலோ, விடை 1,545. கிட்டத்தட்ட 300 கலோரி வித்தியாசம். ஒரே எடையில் தெற்காசியர்களுக்குக் கொழுப்பு பங்கு சற்றுக் கூடுதலாக இருப்பதுண்டு என்பதால், ஒல்லியாகத் தெரிகிறவருக்கும் இது பொருந்தலாம்.

அப்படியானால் எல்லோருக்கும் கேட்ச்-மெக்கார்டில்தானா? அங்கேதான் சிக்கல். கொழுப்பைச் சொல்லும் வீட்டு எடை மெஷின், பாதம் வழியாக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி உடம்பு அதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து ஊகிக்கிறது. தண்ணீர் குடித்தால், வியர்த்தால் ஊகம் மாறும். ஐந்து சதவீதப் புள்ளி தவறினால், 80 கிலோக்காரருக்கு 86 கலோரி பிசகும்.

உண்மையில் 22 சதவீதக் கொழுப்பு உள்ளவருக்கு இரண்டு சூத்திரமும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் தரும். மெஷின் 27 என்று காட்டினால் அவர் கணக்கு 1,631க்கு இறங்கிவிடும். பேசாமல் மிஃப்ளினோடு இருந்திருக்கலாம். பளு தூக்குகிறவர் கதை வேறு. அவருக்கு 15க்குப் பதில் 20 என்று காட்டினாலும் 1,752 வரும். 1,839ஐ உண்மை என்று கொண்டால், மிஃப்ளினைவிட இதுவே நெருக்கம். ஆக, சராசரியிலிருந்து ஒருவர் விலகியிருக்கும் தூரம் அளவைப் பிசகைவிடப் பெரிதாக இருந்தால்தான் கொழுப்புக் கணக்கால் லாபம். டெக்ஸா ஸ்கேன் எடுத்திருந்தால் பிசகு பொதுவாகக் குறையும்.

இத்தனைக்கும் மேல், நடமாட்டத்துக்கான பெருக்கெண் இருக்கிறது. மிஃப்ளினின் 1,724ஐ 1.375ஆல் பெருக்கினால் 2,370, 1.55ஆல் பெருக்கினால் 2,672. வாரத்தில் சில நாள் நடப்பவர் தன்னை எந்த வகையில் சேர்க்கிறார் என்பதிலேயே 300 கலோரி போய்விடுகிறது. அதனால், வந்த இலக்கின்படி மூன்று வாரம் சாப்பிட்டு, தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து, வாரச் சராசரிகளை ஒப்பிடுவது நல்லது. குறைய வேண்டிய எடை குறையவில்லை என்றால் 150 கலோரி போலக் குறைத்துக்கொள்ளலாம், எந்தச் சூத்திரத்தில் தொடங்கியிருந்தாலும்.