விழாவுக்கு ஒரு ஞாயிறு

2023 உலகக் கோப்பையில் இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம் முதலில் அக்டோபர் 15, ஞாயிறு என்றுதான் அறிவிக்கப்பட்டது. ஆட்டம் நடக்கும் ஊர் அகமதாபாத். அன்று நவராத்திரியின் முதல் நாள். ஊரெல்லாம் கர்பா ஆட்டம் நடக்கும்போது மைதானத்துக்கு எங்கிருந்து போலீஸ் வரும்? கடைசியில் ஆட்டத்தை ஒருநாள் முன்னால் தள்ளினார்கள். அதற்குள் விமான டிக்கெட்டும் ஹோட்டல் அறையும் எடுத்து வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம். காலண்டர் பார்க்கத் தவறினால் கிரிக்கெட் வாரியத்துக்கே இந்தக் கதிதான்.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். மதுரையில் ஒரு வாசகர் வட்டம் 2025-இல் ஆண்டுவிழா வைக்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருகிறவர்கள் இருநூறு பேர், பெரும்பாலும் குடும்பத்தோடு. மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் ஒரு ஞாயிறு மாலை வேண்டும். நல்ல நாளைத் தேடுவதைவிட ஆகாத நாட்களை அடித்துக்கொண்டே போவதுதான் சுலபம்.

முதலில் அடிக்க வேண்டியது பரீட்சை. அந்த ஆண்டு பிளஸ் டூ தேர்வு மார்ச் 3 முதல் 25 வரை, பத்தாம் வகுப்புக்கு மார்ச் 28 முதல் ஏப்ரல் 15 வரை. இந்த அட்டவணை முந்தைய அக்டோபரிலேயே வந்துவிட்டது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீட்டில் பிள்ளை மட்டுமல்ல, அம்மாவும் வெளியே கிளம்ப மாட்டார். ஆசிரியர்களும் தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தம் என்று இருப்பார்கள். ஆகவே மார்ச் முழுவதையும் ஏப்ரல் பாதியையும் விட்டுவிடலாம்.

அப்படி விடுவதில் பெரிய நஷ்டமும் இல்லை. மார்ச் 2 முதல் ரம்ஜான் நோன்பு. மாலை ஆறரை மணிக்கு நோன்பு திறக்கிறவரை ஐந்து மணி விழாவுக்குக் கூப்பிட முடியாது. மார்ச் 9 அன்று துபாயில் சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டம். அதில் இந்தியா ஆடும் என்பது அரையிறுதி முடிந்த மார்ச் 4 இரவுதான் உறுதியானது. அழைப்பிதழ் அதற்கு முன்பே அச்சாகியிருக்கும். இறுதி ஆட்டத் தேதியில் நம் அணி வராது என்று நம்பி விழா வைப்பது சூதாட்டம்.

மீதி நான்கைந்து ஞாயிறுகள். ஏப்ரல் 20 ஈஸ்டர். போதாததற்கு இரவு ஏழரைக்குச் சென்னை–மும்பை ஐபிஎல் ஆட்டம். மே 4 நீட் தேர்வு. மே 11-ஐ வெளியூர்க்காரர் எடுத்துக்கொள்ளலாம், மதுரைக்காரர் தொடக்கூடாது: அன்று கள்ளழகருக்கு எதிர்சேவை, மறுநாள் ஆற்றில் இறங்குகிறார். அச்சடித்த விடுமுறைப் பட்டியலை மட்டும் பார்த்து நாள் குறிப்பவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். உள்ளூர்த் தேரோட்டமும் சந்தனக்கூடும் மாதா சப்பரமும் அந்தப் பட்டியலில் இருக்காது. ஊர்க் கோயிலிலும் ஜமாத்திலும் தேவாலயத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

மிஞ்சியது ஏப்ரல் 27. பத்தாம் வகுப்பு முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அன்று சென்னை அணிக்கு ஆட்டம் இல்லை. அமாவாசை என்பதால் கல்யாண மண்டபமும் எளிதில் கிடைத்திருக்கும். குறை ஒன்று உண்டு: அடுத்த ஞாயிறே நீட். டாக்டர் கனவுள்ள வீடுகள் வராது. ஆனால் அவை சில வீடுகள்தான்; பொதுத்தேர்வைப் போல் தெருவுக்கு நாலு வீட்டை அது கட்டிப்போடாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பரீட்சைத் தேதி அக்டோபரில் தெரியும், பண்டிகைகள் பஞ்சாங்கத்தில் இருக்கும், ஆனால் அந்த ஆண்டு ஐபிஎல் அட்டவணை வந்தது பிப்ரவரி நடுவில். வந்த பிறகும் அது நிலைக்கவில்லை. எல்லைப் பதற்றத்தால் மே மாதம் போட்டிகள் ஒரு வாரம் நின்றன. மே 25 இறுதி ஆட்டம் ஜூன் 3-க்குப் போனது. இறுதி ஆட்டத்துக்குப் பயந்து ஜூன் 1-க்கு விழாவைத் தள்ளியவர் இருந்தால், அவர் தலையில் குவாலிஃபயர் 2 வந்து விழுந்திருக்கும். மறுநாள் பள்ளி திறப்பு வேறு.

அதனால் கிரிக்கெட்டுக்குத் தேதியைவிட நேரத்தை மாற்றுவதே புத்திசாலித்தனம் என்பேன். ஐபிஎல் இரவு ஆட்டம் ஏழரைக்குத்தான் தொடங்கும். பரீட்சைக்கும் பண்டிகைக்கும் நாளையே விட்டுக்கொடுக்க வேண்டும். கிரிக்கெட்டுக்கு மாலையின் பின்பாதியை விட்டுக்கொடுத்தால் போதும். அழைப்பிதழில் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் போடுங்கள். ‘மாலை 5 முதல் 7 வரை’ என்று போட்டால், வாழ்த்துரைக்காரர் எத்தனை பேர் மேடையில் இருந்தாலும் ஏழுக்கு முடித்துவிடுங்கள்.