முதலில் தெரியும் கருத்து யாருடையது?

தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மோட்டர் முதல் பிள்ளைகளின் பாடசாலைப் பை வரை இன்று பலரும் தொலைபேசியிலேயே வாங்குகிறோம். பொருளைத் தொட்டுப் பார்க்க வழியில்லாததால், 'ரிவியூ' எனப்படும் வாடிக்கையாளர் கருத்துகளை நம்புகிறோம். ஐந்நூறு கருத்துகள் இருந்தாலும் நாம் வாசிப்பது மேலே தெரியும் நான்கைந்தைத்தான். அந்த நான்கைந்தும் எப்படி மேலே வந்தன?

அமேசான் 2015 இல் தன் முறையை மாற்றியபோது மூன்று விடயங்களுக்கு முக்கியத்துவம் தருவதாகக் கூறியது. கருத்து புதிதாக இருக்க வேண்டும், பிறர் அதைப் பயனுள்ளது என்று சொல்லியிருக்க வேண்டும், எழுதியவர் பொருளை அங்கேயே வாங்கியிருக்க வேண்டும். பிறர் சொல்வது Helpful என்ற பொத்தானில் பதிவாகிறது. வாங்கியவரின் கருத்துக்கு Verified Purchase என்ற குறி கிடைக்கிறது. நாம் பாவிக்கும் தராஸ் தளத்திலும் அதே குறியும், விருப்பம் தெரிவிக்கும் பெருவிரல் அடையாளமும் உண்டு.

முதலில் வாக்கைப் பார்ப்போம். மேலே இருக்கும் கருத்தைத்தான் பலர் வாசிக்கிறார்கள், வாசிப்பவர்களே வாக்களிக்கிறார்கள். எனவே ஆரம்பத்தில் பத்து வாக்குப் பெற்ற கருத்துக்கு மேலும் வாக்குகள் சேர்கின்றன. அதைவிட நல்ல கருத்து பிந்தி வந்தால் கண்ணில் படாமலே கிடக்கும். இன்னொரு சாய்வும் உண்டு. கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமேசானில் நூல்களுக்கு எழுதப்பட்ட 40 இலட்சம் கருத்துகளை ஆராய்ந்து 2009 இல் வெளியிட்ட முடிவின்படி, சராசரி நட்சத்திர மதிப்பிலிருந்து விலகிச் செல்லும் கருத்தைப் பயனுள்ளது என்று சொல்பவர்கள் குறைவு. பெரும்பாலானோர் புகழும் பொருளில் குறை கண்டவர் உண்மையையே எழுதினாலும் அவர் கீழே போய்விடக்கூடும்.

அடுத்தது Verified Purchase குறி. அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கணக்கிலிருந்து இந்தப் பொருள் வாங்கப்பட்டது. எழுதியது உண்மை என்று அது சொல்லவில்லை. விற்பனையாளர் ஒருவர் ஆட்களைப் பிடித்து முழு விலைக்கு வாங்கச் செய்து, ஐந்து நட்சத்திரம் போட்ட பின் பணத்தை வேறு வழியில் திருப்பிக் கொடுத்தால், குறி முறைப்படியே கிடைத்துவிடும்.

2019 பெப்ரவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு வெளிப்படுத்திய வழக்கு இதற்குச் சாட்சி. க்யூர் என்கேப்சுலேஷன்ஸ் என்ற நிறுவனம் அமேசானில் உடல் மெலியும் மாத்திரை விற்றது. அதன் மூலப்பொருள் நாம் மீன் கறிக்குப் போடும் கொறக்காவின் சாறு. நிறுவனம் amazonverifiedreviews.com என்ற தளத்துக்குப் பணம் கொடுத்துக் கருத்துகளைப் போட வைத்தது என்பது குற்றச்சாட்டு. விற்பனையாகும் பெயரே Verified என்பதைக் கவனியுங்கள். விற்பனை நடக்க சராசரி 4.3 நட்சத்திரம் தேவை என்று உரிமையாளர் அந்தத் தளத்தினரிடம் சொல்லியிருந்தார். 12.8 மில்லியன் டொலர் செலுத்துமாறு தீர்ப்பானது. எனினும் 50,000 டொலரும் சில வரி நிலுவைகளும் செலுத்தப்பட்டால் மீதி நிறுத்திவைக்கப்படும் என்றும் உடன்பாடானது.

சராசரியை உயர்த்துவது எவ்வளவு எளிது என்று ஓர் உதாரணம் பார்ப்போம். 20 பேர் கருத்திட்ட பொருளின் சராசரி 3.5 என்றால் மொத்தம் 70 நட்சத்திரங்கள். வாங்கப்பட்ட 30 ஐந்து நட்சத்திரங்களைச் சேர்த்தால் மொத்தம் 220. அதை 50 ஆல் வகுத்தால் 4.4.

நேர்மையான குறிக்கும் எல்லை உண்டு. பார்சலைப் பிரித்த அன்றே எழுதுவோர் அதிகம். 'விரைவாக வந்தது, நன்றாகப் பொதி செய்திருந்தார்கள்' என்பது வாங்கியவரின் உண்மையான சொல்தான். ஆனால் கற்பிட்டியின் மணல் நிலத்தில், உவர் கலந்த கிணற்று நீரை அந்த மோட்டர் ஆறு மாதம் இறைக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. அதே மோட்டரைப் புத்தளத்துக் கடையில் வாங்கி இரண்டு போகம் பாவித்த விவசாயிக்கு அந்தத் தளத்தில் எந்தக் குறியும் கிடைக்காது. பதில் தெரிந்தவரோ அவர்தான்.

நான் பொருள் வாங்கும்போது வரிசையைப் புதியது முதலாக மாற்றிவிட்டு, இரண்டு, மூன்று நட்சத்திரக் கருத்துகளை முதலில் வாசிக்கிறேன். பணம் பெற்று எழுதுபவர் பெரும்பாலும் ஐந்தையே போடுவார், போட்டிக் கடைக்காரர் ஒன்றைப் போடுவார். நடுவில் நிற்பவருக்குப் பொய் சொல்லக் காரணம் குறைவு. பிறகு திகதிகளைப் பார்க்கிறேன். பல மாதம் மௌனமாக இருந்த பொருளுக்கு ஒரே வாரத்தில் இருபது புகழுரை வந்திருந்தால் சந்தேகிக்கிறேன். கடைசியாக, 'மூன்று மாதத்துக்குப் பின்' என்பதுபோல் பாவித்த காலத்தைச் சொல்லும் வரியைத் தேடுகிறேன். அப்படி ஒன்றும் இல்லாவிட்டால், விலையுயர்ந்த பொருளை அதே பொருள் பாவிக்கும் ஒருவரை ஊரில் விசாரித்த பின்பே வாங்குகிறேன்.