பொசுக்கென்று அழுதுவிடும் ஆண்கள்

2019 செப்டம்பர் 7 அதிகாலை. நிலவின் தரையிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் விக்ரம் லேண்டரின் தொடர்பு அறுந்துபோனது. அந்தச் செய்தியை இஸ்ரோ தலைவர் கே. சிவன் சுருக்கமாக அறிவித்தார். விடிந்த பிறகு, பெங்களூரு மையத்திலிருந்து பிரதமர் விடைபெறும் நேரத்தில்தான் அவர் உடைந்தார். தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொடுத்ததும் அழுகை இன்னும் பெருகியது. கன்னியாகுமரி மாவட்டத்து விவசாயி மகன், ராக்கெட் விஞ்ஞானி, அறுபதைத் தாண்டியவர், கேமராக்களின் முன்னால் குலுங்கி அழுத காட்சியை நாடே பார்த்தது. அவர் அழலாமா என்று அப்போது நிறையப் பேர் விவாதித்தார்கள். அடி விழுந்த நேரத்தில் வராத கண்ணீர், ஆதரவாக ஒரு கை நீண்டபோது ஏன் வந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். சாவு வீட்டில் பந்தல்காரரிடமும் அமரர் ஊர்திக்காரரிடமும் பேசிக்கொண்டு விறைப்பாக நின்ற மகன், காரியம் முடிந்து நாலு நாள் கழித்து, பக்கத்து வீட்டு அக்கா ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து வைத்ததும் தேம்பி அழுவதை நாம் பார்த்திருக்கிறோம். அதிர்ச்சி வந்ததும் நம் உடல் சண்டைக்குத் தயாராகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. அந்த முறுக்கைத் தளர்த்தி உடலைச் சமநிலைக்குக் கொண்டுவரும் வேலையை வேறொரு நரம்புத் தொகுதி செய்கிறது. கண்ணின் மேல்புற வெளிமூலையில் இருக்கும் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போகும் கட்டளையும் அந்தத் தொகுதியின் வழியாகவே வருகிறது. ஆபத்து தாண்டிவிட்டது, இனி சாய்ந்துகொள்ளலாம் என்று உடல் உணரும் நேரத்தில் கண்ணீர் எளிதாக வருவதற்கு இது ஒரு காரணம். கையைத் தூக்கு என்றால் கை தூக்கும். ஆனால் இந்தச் சுரப்பி நம் உத்தரவைக் கேட்பதில்லை. மன உறுதிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

கைக்குழந்தையாக இருக்கும்போது ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் அழுகிறார்கள். பதினோரு, பதின்மூன்று வயதை ஒட்டித்தான் இடைவெளி பெரிதாகிறது. 1980-களில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் வில்லியம் ஃப்ரே, பலரை நாட்குறிப்பு எழுதச் சொல்லிக் கணக்கெடுத்தார். பெண்கள் மாதத்துக்குச் சராசரியாக ஐந்து முறையும் ஆண்கள் ஒரு முறைக்குச் சற்று அதிகமாகவும் அழுததாகத் தெரியவந்தது. ஹார்மோனுக்கும் இதில் பங்கு இருக்கலாம். புராஸ்டேட் புற்றுநோய்க்காக ஆண் ஹார்மோனைக் குறைக்கும் சிகிச்சை எடுப்பவர்களில் சிலர், முன்னெப்போதும் இல்லாதபடி சட்டென்று கண் கலங்குகிறது என்கிறார்கள். ஆனால் ஹார்மோன் மட்டும் காரணமில்லை. ஆங்கிலேய ஆண்கள் மிகக் கடுமையான துக்கத்தில் தவிர அழுவதே அரிது, ஐரோப்பாவின் மற்ற சில பகுதிகளில் ஆண்கள் எளிதாக அழுகிறார்கள் என்று 1872-இலேயே டார்வின் எழுதிவைத்தார். வளர்ப்பும் ஊர்வழக்கும் செய்யும் வேலை அது.

நம் ஊர்வழக்கு தெரிந்ததுதான். அழுகிற ஆணையும் சிரிக்கிற பெண்ணையும் நம்பாதே என்று ஒரே மூச்சில் இரண்டு பேரையும் கட்டிப்போட்ட பழமொழி நம்முடையது. முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வரும் ஆறு வயதுப் பையனிடம் "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்போம். இழவு வீட்டில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். ஆண்கள் தெருவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எத்தனை மணிக்கு எடுப்பது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இதே மொழியில்தான் அழுகையைப் பக்தியின் உச்சமாக வைத்தார் மாணிக்கவாசகர். எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையையும் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று அதற்கு நான்கு காரணங்களைச் சொன்னார். இது பெண்ணுக்கு மட்டும் என்று அவர் பிரிக்கவில்லை. இன்று ஆண் அழுவதற்கு நாம் விட்டுவைத்திருக்கும் இடங்கள் சாமி சந்நிதி, இருட்டான தியேட்டர், பிறகு டாஸ்மாக். மூன்றாவது இடத்தில் அழுவதைப் "போதையில் உளறுகிறான்" என்று மன்னித்துவிடுகிறோம்.

கூச்சத்தைக் காரணமில்லாதது என்று தள்ளிவிடவும் முடியாது. 1972 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் வேட்பாளருக்கான போட்டியில் முன்னணியில் இருந்தவர் எட்மண்ட் மஸ்கி. தன் மனைவியைப் பற்றி அவதூறாக எழுதிய பத்திரிகையின் அலுவலக வாசலில், கொட்டும் பனியில் நின்று பேசினார். குரல் உடைந்தது. அவர் அழுதார் என்று செய்தி வந்தது. முகத்தில் உருகியது பனித்துளி என்று அவர் தரப்பு சொல்லிப் பார்த்தது. அதன் பிறகு அவருடைய பிரச்சாரம் எழுந்திருக்கவே இல்லை. அழுகைக்கு விலை கொடுக்க வேண்டிய இடங்கள் இன்றும் இருக்கின்றன. எளிதில் அழும் ஆண் பயப்படுவது அந்த விலைக்குத்தான்.

பணி ஓய்வு விழாவை எடுத்துக்கொள்வோம். மின்வாரியத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர் என்று வையுங்கள். சந்தன மாலை, பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து மைக் அவர் கைக்கு வருகிறது. "நான் சேர்ந்தப்போ எனக்குத் தொழில் கத்துக்கொடுத்த லைன்மேன் அண்ணன்..." என்று தொடங்கியதும் தொண்டையில் ஒரு உருண்டை வந்து நிற்கிறது. உணர்ச்சி ஏறும்போது உடல் நிறையக் காற்று கேட்கிறது. அதற்காகக் குரல்வளை அகலத் திறந்தே இருக்கப் பார்க்கிறது. எச்சில் விழுங்க அது மூடியாக வேண்டும். இந்த இழுபறிதான் அந்த உருண்டை என்று விளக்குகிறார்கள். அடுத்து கண்ணீர். கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குக்குள் இறங்கும் சின்னக் குழாய் அதை வடித்துவிடப் பார்க்கும். அளவு மிஞ்சும்போது கன்னத்தில் வழியும், மூக்கும் ஒழுகும். இதற்குள் அவர் மனதில் ஓடுவது லைன்மேன் அண்ணன் இல்லை. "ஐயோ, எல்லாரும் பார்க்கிறாங்களே" என்பதுதான். அந்தப் பதற்றம் மூச்சை இன்னும் குறுக்குகிறது.

பல்லைக் கடித்து அடக்குவது பெரும்பாலும் தோற்கும். 1990-களில் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற உளவியலாளர்கள் சிலருக்குச் சோகப் படக்காட்சியைப் போட்டு, உணர்ச்சி முகத்தில் தெரியக்கூடாது என்று சொல்லிப் பார்த்தார்கள். முகம் மறைத்தது, ஆனால் உள்ளே சோகம் குறையவில்லை. உடலின் அழுத்தம்தான் கூடியது. உண்மையில் கொஞ்சம் உதவக்கூடியவை வேறு. ஒரு மடக்குத் தண்ணீர், அதை மெதுவாக விழுங்குவது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குவது. அழுகையைக் கிளப்பும் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பது. உடைக்கப்போகும் வாக்கியம் எது என்று முன்னமே தெரியும். அதை வீட்டில் பலமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் அதன் வேகம் மட்டுப்படும். தேம்பல் தொடங்கிவிட்டால் எந்த வித்தையும் பலிக்காது. ஓரிரு நிமிடம் விட்டுவிட வேண்டியதுதான்.

எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்வது, முதலிலேயே சொல்லிவிடுவது. "எனக்கு இப்படித்தான் தொண்டை அடைக்கும். ஒரு நிமிஷம் பொறுங்க, பேசிடுறேன்." மாட்டிக்கொள்வோம் என்ற பயம் அந்த வாக்கியத்தோடு போய்விடும். மிச்சம் இருப்பது வெறும் கண்ணீர்தான். பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு வேலை உண்டு. "அழாதீங்க சார்" என்பதற்குப் பதில் "தண்ணி குடிங்க சார், நாங்க எங்கயும் போகல" என்றால் போதும்.

அழுதால் மனசு லேசாகும் என்பது பாதி உண்மை. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் அழுகையை நெடுங்காலம் ஆராய்ந்த ஆட் விங்கர்ஹூட்ஸ் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், சோகப் படம் பார்த்து அழுதவர்களின் மனநிலை முடிந்த கையோடு மோசமாகத்தான் இருந்தது. இருபது நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்து, ஒன்றரை மணி நேரம் கழித்தே படத்துக்கு முன்பிருந்ததைவிட மேம்பட்டது. அருகில் இருப்பவர்கள் கேலி செய்தாலோ, அழுதவருக்கே வெட்கம் பிடுங்கினாலோ அந்த ஆறுதல் கிடைப்பது கடினம் என்றும் இத்துறை ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வருபவருக்குப் பல சமயம் தலைவலிதான் மிஞ்சுகிறது.

இதுவரை சொன்னது சுபாவத்தைப் பற்றி. சிறு வயது முதலே பொசுக்கென்று கண் கலங்குபவருக்கு நோய் எதுவும் இல்லை. இனி சொல்வது வேறு வகை. கூச்சம் உண்மையாகவே கெடுதல் செய்வது இங்கேதான்.

வாழ்நாளில் யாரும் அழுது பார்த்திராத மனிதர். அறுபதைத் தாண்டி ஒரு பக்கவாதம் வந்து, இடது கை ஓரளவு தேறி வீடு திரும்புகிறார். சில வாரங்களில் புதிதாக ஒன்று தொடங்குகிறது. பேரன் பள்ளியிலிருந்து வந்தால் அழுகை, டிவியில் வெள்ளச் செய்தி ஓடினால் அழுகை, "சாப்பிட்டீங்களாப்பா?" என்று மருமகள் கேட்டால் அழுகை. அரை நிமிடம் குலுங்குவார், குழாயை மூடியதுபோல் நின்றுவிடும். அப்பா மனசு விட்டுட்டார் என்று வீட்டில் முடிவு கட்டுகிறார்கள். அவரோ அவமானத்தில் விருந்தாளி வந்தால் உள்ளறைக்குப் போய்விடுகிறார். ஒருநாள் மகன் உட்கார்ந்து கேட்கிறான்: "உள்ளுக்குள்ள ஏதாவது வருத்தமாப்பா?" பதில்: "வருத்தமெல்லாம் ஒண்ணுமில்லடா. தானா வருது, நிறுத்த முடியல."

நோயைக் காட்டிக்கொடுக்கும் வாக்கியம் அது. அழுகையைக் கிளப்பும் அமைப்பு மூளையின் அடித்தண்டில் இருக்கிறது. அதைக் கட்டுக்குள் வைப்பவை மூளையின் மேற்பகுதிகள். பக்கவாதம் நடுவில் உள்ள பாதையைச் சேதப்படுத்தினால், சின்னத் தூண்டுதலுக்கே அழுகை பாய்ந்துவிடும். சிலருக்குச் சிரிப்பும் இப்படி வரும். பக்கவாதம் வந்தவர்களில் முதல் சில மாதங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது காணப்படுகிறது. தலையில் பலத்த அடிபட்டவர்களுக்கும், வேறு சில நரம்பு நோயாளிகளுக்கும் வரலாம். மனச்சோர்வு வேறு. அதில் வருத்தம் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும், தூக்கமும் பசியும் கெடும், எதிலும் நாட்டம் இருக்காது. கடுமையான மனச்சோர்வில் சிலருக்கு அழுகையே வராது. இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்பதால் பிரித்தறிவது மருத்துவர் வேலை.

இந்த அழுகைக்கு மருந்து இருக்கிறது. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளில் சில இதையும் கட்டுப்படுத்துகின்றன. பலருக்குச் சில வாரங்களில், சிலருக்கு அதற்கும் முன்பே குறைந்துவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், மருத்துவர் ரத்த அழுத்தத்தையும் கை அசைவையும் பார்ப்பார். "அழுகை வருதா?" என்று கேட்க நேரமிருக்காது. நோயாளியும் வெட்கத்தில் சொல்லமாட்டார்.

எனவே வீட்டில் இருப்பவர்கள் சொல்லிவிடுங்கள். ஒரு நாளில் எத்தனை முறை, எவ்வளவு நேரம், எதைப் பார்த்தால் வருகிறது, உள்ளே வருத்தம் இருக்கிறதா இல்லையா என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போய் நரம்பியல் மருத்துவரிடம் காட்டினால் அவர் பாதி வேலையை முடித்துவிடுவார். பக்கவாதம் எதுவும் வராதவர்களும், எப்போதும் இல்லாத அழுகை புதிதாகத் தொடங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வருத்தம் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் அழுத்தினால், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.