‘ஃப்ரெஷ்’ என்றால் எப்போது பறித்தது?

உழவர் சந்தைக்குக் காய் வாங்க வருகிறவர் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறார். முருங்கைக்காயை லேசாக முறுக்குகிறார். கீரைக்கட்டைப் புரட்டி அடியில் மஞ்சள் இலை இருக்கிறதா என்று தேடுகிறார். 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியதிலிருந்து விவசாயியும் வாங்குகிறவரும் நேருக்கு நேர் நின்று பழகிய வியாபாரம் இது. இன்று பல விவசாயிகள் வாட்ஸ்அப் செய்தி அனுப்பி வீடுகளுக்கே காய் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அங்கே ஒடித்துப் பார்க்கக் காய் இல்லை, செய்தியில் இருக்கும் வார்த்தைகள் மட்டுமே இருக்கின்றன.

அந்த வார்த்தைகள் பெரும்பாலும் எப்படி இருக்கின்றன? கோவைக்கு மேற்கே, தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு சிறு தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். வடவள்ளியில் உள்ள வீடுகளுக்கு வாரம் ஒருமுறை காய் போகிறது. அவர்கள் அனுப்பும் செய்தி இது:

“வணக்கம்! எங்கள் தோட்டத்தில் விளைந்த 100% இயற்கையான, ரசாயனமில்லாத, ஃப்ரெஷ்ஷான காய்கறிகள், கீரைகள் கிடைக்கும். சத்தானது, சுவையானது. விவசாயியிடமிருந்து நேரடியாக உங்கள் வீட்டுக்கே! இன்றே ஆர்டர் செய்யுங்கள்.”

இதில் பொய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் படித்தவருக்கு ஆர்டர் செய்ய வழியில்லை. “என்னென்ன காய் இருக்குதுங்க?”, “கிலோ எவ்வளவுங்க?”, “எப்பக் கொண்டுவருவீங்க?” என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். காய் பறித்துக்கொண்டிருப்பவர் கையைத் துடைத்துவிட்டு ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார். பதில் தாமதமான இடத்தில் வாங்க நினைத்தவர் தெருவில் வந்த தள்ளுவண்டியில் வாங்கிவிடுகிறார்.

திருத்தத்தை ‘ஃப்ரெஷ்’ என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். எல்லாக் காய்க்கும் சேர்த்து ஒரே சொல்லாக அதைப் போட முடியாது. சிறுகீரையைப் பறித்த சில மணி நேரத்திலேயே வாட்டம் தெரியும். அதற்கு “சனி அதிகாலை பறித்தது” என்பது பெரிய செய்தி. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும், விட்டால் முற்றிவிடும். ஆகவே அதற்கு “வெள்ளி மாலை பறித்தது, பிஞ்சு” என்று எழுதலாம். சின்ன வெங்காயத்துக்கு நேற்றுப் பிடுங்கியது என்பது பெருமையே அல்ல. ஈரத்தோடு வரும் வெங்காயம் சீக்கிரம் அழுகும். தாள் காய்ந்து, கழுத்து இறுகியதுதான் நாள்பட நிற்கும். “பிடுங்கி 3 வாரம் ஆனது, நன்றாகக் காய்ந்தது” என்று சொன்னால் சமைக்கிறவருக்கு உடனே புரியும்.

அடுத்தது ‘100% இயற்கை’. வாங்குகிறவர் இதைச் சோதித்துப் பார்க்க முடியாது என்பதால் நம்பவும் தயங்குகிறார். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு விதிகளில், தான் விளைவித்ததை நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்கு இயற்கை வேளாண் சான்று கட்டாயமில்லை; ஆனால் சான்று இல்லாமல் ‘ஜைவிக் பாரத்’ முத்திரையைப் போட்டுக்கொள்ளக் கூடாது. சான்று இருந்தால் அதன் எண்ணைக் கொடுத்துவிடலாம். இல்லையென்றால் செய்ததை அப்படியே சொல்வது நல்லது: “கத்தரிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் மட்டும் தெளித்தோம். சில காயில் புழுத் துளை இருக்கலாம்.” இந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதப் பலருக்கும் மனம் வராது. எனக்கோ செய்தியிலேயே நம்பிக்கை தரும் வரி அதுதான் என்று படுகிறது. கத்தரியில் காய்த்துளைப்பான் புழு வருவது தோட்டம் வைத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. வாங்கியவர் வீட்டில் அரியும்போது முதன்முதலாக அதைப் பார்ப்பதைவிட முன்பே தெரிந்திருப்பது நல்லதல்லவா? பூச்சிமருந்து அடித்த தோட்டமாக இருந்தால் கடைசியாக அடித்த நாளையும், லேபிளில் சொன்ன காத்திருப்பு நாட்கள் முடிந்துதான் பறித்தோம் என்பதையும் எழுதலாம். அதை மறைத்து ‘இயற்கை’ என்று போடுவது ஏமாற்று.

ஆர்டர் எடுக்கும் முறைக்கு வருவோம். புத்துணர்வு பற்றிய வாக்கு நிற்பதும் விழுவதும் இங்கேதான். கடைசி நேரம் என்று ஒன்று இல்லாவிட்டால் விவசாயி குத்துமதிப்பாகப் பறிப்பார். மிஞ்சிய கீரை மறுநாள் செய்தியில் மறுபடியும் ‘ஃப்ரெஷ்’ ஆகிவிடும். வெள்ளி பகல் 12 மணியோடு ஆர்டரை முடித்தால், எத்தனை கட்டு வேண்டும் என்று தெரிந்துகொண்டு அந்த அளவுக்கு மட்டும் அறுக்கலாம்.

பட்டியலுக்கு எண் போட்டு “எண்ணையும் அளவையும் அனுப்புங்கள்” என்று கேட்பது பலருடைய வழக்கம். “2 1” என்று பதில் வரும்போது எது காய், எது அளவு என்ற குழப்பம் வரும். ஐந்தாறு காய்தான் என்றால் பெயரையே கேட்பது மேல். அளவையும் முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். அரை கிலோ பை, ஒரு கட்டு என்று இருந்தால் வாங்குகிறவர் எத்தனை என்று மட்டும் சொன்னால் போதும். இப்படித் திருத்திய செய்தி இது (விலைகள் உதாரணத்துக்கு):

“சனிக்கிழமை காலை 7–9 மணிக்கு உங்கள் வீட்டில் காய். வடவள்ளிக்கு மட்டும்.

வெண்டை, அரை கிலோ ₹30: வெள்ளி மாலை பறிப்போம், பிஞ்சு
கத்தரி, அரை கிலோ ₹30: வெள்ளி மாலை பறிப்போம். வேப்பங்கொட்டைக் கரைசல் மட்டும் தெளித்தது. சில காயில் துளை இருக்கலாம்
சிறுகீரை, 1 கட்டு ₹25: சனி அதிகாலை அறுப்போம்
சின்ன வெங்காயம், 1 கிலோ ₹70: பிடுங்கி 3 வாரம், நன்றாகக் காய்ந்தது

காயின் பெயர், எத்தனை, வீட்டு எண் அனுப்புங்கள். உதாரணம்: வெண்டை 2, கீரை 1, வீடு 14.
கடைசி நேரம்: வெள்ளி பகல் 12 மணி. பணம் காய் வந்த பிறகு.
காய் கெட்டிருந்தால் அன்றே படம் அனுப்புங்கள்; அந்தத் தொகையைக் கழித்துவிடுவோம்.”

நீளமான செய்தியை வாட்ஸ்அப் பாதியில் மடித்துவிடும் என்பதால் நாள், நேரம், இடம் மூன்றும் முதல் வரியில் இருக்கின்றன. “பறித்தது” என்று எழுதாமல் “பறிப்போம்” என்று எழுதியிருப்பதையும் கவனியுங்கள். செய்தி போவது வியாழக்கிழமை. அப்போது காய் செடியில் இருக்கிறது. படமும் அன்றைக்குத் தோட்டத்தில் எடுத்ததாக இருக்கட்டும். போன மாதத்துப் படத்தை மறுபடி போட்டால் வாடிக்கையாளர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதைக் குழுவில் போடுவதைவிட பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பினால் பதில்கள் தனித்தனியாக வரும், ஒருவர் ஆர்டர் இன்னொருவர் பேச்சில் மூழ்காது. ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். முதல்முறை காய் கொடுக்கும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிட வேண்டும்.

ஆர்டர் வந்ததும் ஒரே வரியில் பதில்: “வெண்டை 2, கீரை 1, மொத்தம் ₹85. சனி 7–9.” வயதானவர்கள் குரல்செய்தி அனுப்பினாலும் இதை எழுத்தில் அனுப்புவது நல்லது. தவறாகக் கேட்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அனுப்பும் முன், தோட்டத்தோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் செய்தியைக் காட்டி ஆர்டர் செய்யச் சொல்லுங்கள். அவர் ஏதாவது கேள்வி கேட்டால் அதற்கான பதிலைச் செய்தியில் சேர்த்துவிடலாம்.

எவ்வளவு திருத்தினாலும் மழையைத் திட்டமிட முடியாது. வெள்ளி இரவு கொட்டினால் கீரையில் மண் அடித்து, இலை கிழிந்து, கட்டிவைத்தால் அழுகத் தொடங்கும். அப்போது பழைய கீரையைத் தேடிப்பிடித்து நிரப்பாமல், சனி விடியலில் இன்னொரு வரி அனுப்பலாம்: “ராத்திரி மழையால் கீரை அறுக்க முடியவில்லை. வெண்டை மட்டும் வருகிறது. நீங்கள் தர வேண்டியது ₹60.”