சம்பளச் சீட்டில் ஒரு தொகை, பேங்க் கணக்கில் வேறு தொகை

பெர்சனல் லோன் கேட்டுப் போனால் வங்கி முதலில் கேட்பது இரண்டு ஆவணங்கள். ஒன்று, கடைசி சில மாதங்களின் சம்பளச் சீட்டு. இன்னொன்று, சம்பளம் வரவாகும் கணக்கின் ஆறு மாத ஸ்டேட்மென்ட். நகையோ வீட்டுப் பத்திரமோ அடமானம் இல்லாமல் கொடுக்கிற கடன் இது. திரும்ப வரும் என்று நம்புவதற்கு வங்கிக்கு இருக்கிற ஆதாரம் மாதச் சம்பளமும், பழைய கடன்களை அவர் எப்படிக் கட்டினார் என்ற வரலாறும்தான். அதனால் கடன் பிரிவில் இருப்பவர் இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாதம் மாதமாக ஒப்பிடுகிறார்.

ஒப்பிட்டால் பெரும்பாலும் ஏதாவது ஒரு மாதம் கணக்கு இடிக்கும். விண்ணப்பித்தவர் பயந்துவிடுவார். பயப்படத் தேவையில்லை. சீட்டில் உள்ள தொகையும் கணக்கில் வந்த தொகையும் எல்லா மாதமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அனுபவமுள்ள அதிகாரி எதிர்பார்ப்பதில்லை. மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் சீட்டில் ஒரு வரி பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அவருடைய எதிர்பார்ப்பு.

கோவையில் மோட்டார் பம்ப் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் மேற்பார்வையாளர் ஒருவரை எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி, பயணப் படி, சிறப்புப் படி எல்லாம் சேர்த்து மொத்தம் 40,000. பிடித்தத்தில், அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதமாக பி.எஃப். 2,400 போகிறது. கேன்டீனுக்கு 600. ஊழியர் சொசைட்டியில் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை 4,000. மிச்சம் 33,000 அவர் கணக்குக்கு வருகிறது. இது தவிர ஒரு டூவீலர் கடன் இருக்கிறது. அதன் தவணை 3,200 அவருடைய வங்கிக் கணக்கிலிருந்தே தானாகப் போய்விடும். அவர் கேட்பது ஐந்து லட்சம், ஐந்து வருடத்தில் கட்டுவதாக. வட்டி 14 சதவீதம் என்றால் மாதத் தவணை 11,634 ரூபாய்.

டிசம்பர் கடைசியில் விண்ணப்பிக்கிறார். இங்கே முதல் குழப்பம் தேதியிலேயே தொடங்கும். அவருடைய கம்பெனி அடுத்த மாதம் முதல் வாரத்தில்தான் சம்பளம் போடுகிறது. ஆகவே ஜூலை மாத ஸ்டேட்மென்ட்டில் வந்திருப்பது ஜூன் மாதச் சம்பளம். ஜூலைச் சீட்டை ஜூலை வரவோடு ஒட்டிப் பார்த்தால் ஒன்றுமே பொருந்தாது. கேட்கச் சாதாரணமாக இருந்தாலும், அவசரமாகப் பார்க்கப்படும் விண்ணப்பத்தில் இந்த ஒரு மாத இடறல் நேர்மையானவரையும் சந்தேகத்துக்கு உரியவராகக் காட்டிவிடும்.

சரியாக ஒட்டிப் பார்த்தால் ஆறு மாத வரவு இப்படி இருக்கிறது. ஜூன் சம்பளம் 33,000. ஜூலைக்கு 35,600. ஆகஸ்டுக்கு 31,750. செப்டம்பருக்கு 36,500. அக்டோபருக்கு மறுபடி 33,000. நவம்பருக்கு 29,240. இதற்கு நடுவில், அக்டோபர் மாதத்தில் தனியாக 20,000 ரூபாய் ஒரே வரவாக வந்திருக்கிறது.

ஒரு மாதத்தைப் போல் இன்னொரு மாதம் இல்லை. ஆனால் சீட்டை எடுத்தால் எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. ஜூலையில் 2,600 ரூபாயும் செப்டம்பரில் 3,500 ரூபாயும் ஓவர்டைம். ஆகஸ்டில் குறைந்த 1,250 ரூபாய் தொழில் வரி. தமிழ்நாட்டில் இந்த வரி அரையாண்டுக்கு ஒரு முறை உள்ளாட்சிக்குப் போகிறது. பல நிறுவனங்கள் அதை மாதாமாதம் பிடிக்காமல் ஒரே மாதத்தில் பிடித்துவிடுகின்றன. அக்டோபரில் வந்த 20,000 தீபாவளி போனஸ்.

நவம்பரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த மாதம் அவருக்கு மூன்று நாள் சம்பளமில்லா விடுப்பு. 40,000-ஐ 30 நாளால் வகுத்தால் மூன்று நாளுக்கு 4,000 குறைய வேண்டும். ஆனால் கணக்கில் குறைந்திருப்பது 3,760 மட்டுமே. மீதி 240 எங்கே? விடுப்பால் அடிப்படைச் சம்பளமும் 18,000 ஆகக் குறைந்தது. அதில் 12 சதவீதம் 2,160 என்பதால் பி.எஃப். பிடித்தமும் 240 ரூபாய் இறங்கிவிட்டது. உண்மையான சம்பளப் பட்டியலில் ஒரு எண் அசைந்தால் அதோடு கட்டுப்பட்ட மற்ற எண்களும் இப்படி அசையும். வீட்டுக் கணினியில் உட்கார்ந்து போலிச் சீட்டு தயாரிக்கிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

அடுத்த கேள்வி: இவருடைய மாத வருமானம் என்று எதை எடுத்துக்கொள்வது? வந்த பணம் அத்தனையையும் கூட்டி ஆறால் வகுத்தால் சுமார் 36,500 வரும். அது தவறு. போனஸ் வருடத்துக்கு ஒரு முறை வருவது, அதை நம்பி மாதத் தவணை கட்ட முடியாது. ஓவர்டைம் ஆறில் இரண்டு மாதம்தான் வந்திருக்கிறது. சில நிறுவனங்கள் அதில் பாதியை எடுத்துக்கொள்ளும், பல நிறுவனங்கள் தொடவே தொடாது. தொடாமல் விட்டால் நிலையான வரவு 33,000.

இந்த 33,000-த்தில்தான் பெரிய தவறு நடக்கிறது.

கடன் தரும் நிறுவனங்கள், எல்லாத் தவணைகளும் சேர்ந்து கைக்கு வரும் வருமானத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. அது நிறுவனத்துக்கு நிறுவனம், சம்பளத்துக்குச் சம்பளம் மாறும். இந்தக் கணக்குக்குப் பாதி என்று வைப்போம். ஸ்டேட்மென்ட்டை மட்டும் பார்க்கும் ஒருவர் 33,000-த்தில் பாதி 16,500 என்பார். டூவீலர் தவணை 3,200 போக 13,300 மிச்சம். ஐந்து லட்சம் தாராளமாகக் கொடுக்கலாம் என்று முடிவு செய்வார். சொசைட்டி கடன் இருப்பதே அவருக்குத் தெரியாது. அந்தத் தவணை சம்பளம் கணக்குக்கு வருமுன்பே பிடிக்கப்பட்டுவிடுவதால் ஸ்டேட்மென்ட்டில் அதற்குச் சுவடே இல்லை. ஊழியர் சொசைட்டி கடனும் முதலாளி கொடுத்த முன்பணமும் சிபில் அறிக்கையிலும் பல சமயம் இருக்காது. சம்பளச் சீட்டு ஒன்றுதான் சாட்சி.

இன்னொருவர் சீட்டையும் பார்க்கிறார். சொசைட்டி தவணை 4,000 என்று குறித்துக்கொள்கிறார். 16,500-லிருந்து 3,200-ஐயும் 4,000-ஐயும் கழிக்கிறார். மிச்சம் 9,300. நான்கு லட்சத்துக்குக்கூட இது சற்றுப் போதாது. கவனமாகத்தான் பார்த்திருக்கிறார், ஆனாலும் கணக்கு பிசகிவிட்டது. 33,000 என்பதே சொசைட்டி தவணை போன பிறகு வந்த தொகை. அதை மறுபடியும் கடன் பட்டியலில் எழுதினால், ஒரே தவணையை இரண்டு முறை கழித்ததாகிறது.

சரியான வழி, அந்த 4,000-ஐ முதலில் வருமானத்தில் திரும்பச் சேர்ப்பது. அப்போது வருமானம் 37,000, அதில் பாதி 18,500. இரண்டு தவணையும் சேர்ந்த 7,200 போக 11,300 மிச்சம். சுமார் நான்கு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய்க் கடனுக்கு இது சரியாக இருக்கும். பி.எஃப். பிடித்தத்தை இப்படித் திரும்பச் சேர்ப்பதில்லை. அது கடன் அல்ல, மாதச் செலவுக்குக் கைக்கு வராத பணம். ஒரே ஆள், ஒரே ஆவணங்கள். ஆனால் பார்க்கும் விதத்தைப் பொறுத்து நான்கு லட்சத்துக்கும் ஐந்தே முக்கால் லட்சத்துக்கும் நடுவே தொகை ஊசலாடுகிறது. அதிகமாகக் கிடைப்பதும் நல்லதல்ல. 13,300 ரூபாய்த் தவணை விழுந்தால், கையில் வரும் 33,000-த்தில் அதுவும் டூவீலர் தவணையும் சேர்ந்து பாதியைத் தின்றுவிடும். சொசைட்டிக்குப் போவது அதற்கு மேல்.

மோசடியையும் இந்த ஒப்பீடுதான் பிடிக்கிறது. 28,000 ரூபாய் வரவை 48,000 என்று திருத்துகிறவர், அதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு வரியிலும் இருப்புத் தொகையைத் திருத்தியாக வேண்டும். ஒரு வரியை விட்டாலும் கூட்டல் உதைக்கும். அதையும் சரிசெய்துவிட்டாலும் சேமிப்புக் கணக்கின் வட்டி காட்டிக்கொடுக்கும். 2010 ஏப்ரல் முதல் இந்திய வங்கிகள் சேமிப்புக் கணக்குக்கு அன்றாட இருப்பின் மேல்தான் வட்டி கணக்கிடுகின்றன. காட்டிய இருப்புக்கும் வரவான வட்டிக்கும் பொருத்தம் இல்லையென்றால் ஸ்டேட்மென்ட் கைவைக்கப்பட்டது என்று அர்த்தம். சீட்டில் உள்ள பி.எஃப். தொகையை இ.பி.எஃப்.ஓ. பாஸ்புக்கோடு ஒட்டிப் பார்ப்பதும் உண்டு. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் நெஃப்ட் வரவு இருந்தால் உடனே போலி என்று சொல்லிவிடலாம். 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் எல்லா நாளும் இயங்குவதால் அந்தச் சோதனை பயனற்றுப் போனது.

திருத்தவே முடியாதபடி வாங்கும் வழியும் வந்துவிட்டது. ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற அக்கவுண்ட் அக்ரிகேட்டர் நிறுவனங்கள் 2021 செப்டம்பரிலிருந்து இயங்குகின்றன. வாடிக்கையாளர் சம்மதம் கொடுத்தால், அவருடைய வங்கியிலிருந்து கணக்கு விவரம் நேராகக் கடன் தரும் நிறுவனத்துக்குப் போகும். நடுவில் யாரும் கைவைக்க முடியாது. ஆனால் இது ஸ்டேட்மென்ட்டுக்கு மட்டுமே தீர்வு. சம்பளத்திலேயே பிடித்தமாகும் சொசைட்டி கடன் அந்த வழியிலும் தெரியாது.

உண்மையில் சிரமப்படுவது, சரியாக வேலை பார்த்தும் சம்பளம் ஒழுங்காகப் பதிவாகாதவர்கள். முதலாளி தன் சொந்தக் கணக்கிலிருந்து யூபிஐ-யில் பாதியும் கையில் பாதியுமாகக் கொடுக்கிற கடைகள் ஏராளம். வரவு வரியில் SALARY என்ற சொல்லோ நிறுவனத்தின் பெயரோ இல்லாவிட்டால் கணினி அதைச் சம்பளமாகவே எண்ணாது. கையில் கொடுத்த பாதி யார் கணக்கிலும் வராது. இப்படிப்பட்டவர்களிடம்தான் சில ஏஜென்ட்கள் வந்து, சீட்டை நாங்களே போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். மாட்டினால் குற்றவாளி ஆவது கையெழுத்துப் போட்டவர். அதைவிட, முழுச் சம்பளத்தையும் நிறுவனத்தின் கணக்கிலிருந்து வங்கிவழியே போடச் சொல்லி ஆறு மாதம் பொறுத்திருப்பது மேல்.

விண்ணப்பிக்குமுன் செய்ய வேண்டியது ஒரு மாலை நேர வேலை. மூன்று சீட்டு கேட்டாலும் ஆறு சீட்டையும் எடுங்கள். எந்த மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது என்று ஸ்டேட்மென்ட்டில் குறியுங்கள். தொகை மாறிய இடத்தில் ஓவர்டைம், தொழில் வரி, விடுப்பு என்று காரணத்தை எழுதி, அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். சொசைட்டி கடன் இருந்தால் மறைக்காதீர்கள். அதை இரண்டு முறை கழித்துவிட்டார்களா என்று மட்டும் கேளுங்கள். விண்ணப்பத்தை நிராகரித்தால் அதற்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. கடன் தொகை எவ்வளவாக இருந்தாலும் இது பொருந்தும். அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.