லாரியில் ஜிபிஎஸ்: டிரைவர்களுக்கு முதலாளி எழுதும் கடிதம்

தன் லாரிகளில் ஜிபிஎஸ் கருவி பொருத்தும் முதலாளி, அந்தக் கருவி எதைப் பதிவு செய்யும், அதை யார் பார்ப்பார்கள், எதற்குப் பயன்படுத்துவார்கள், எதற்குப் பயன்படுத்த மாட்டார்கள் என்பதை டிரைவர்களுக்கு எழுத்தில் தெரிவிப்பதே ஜிபிஎஸ் கடிதம். கருவியைப் பொருத்துவதற்கு முன்பே இது டிரைவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பொருத்தி ஒரு மாதம் கழித்து, அறிக்கையைக் காட்டிக் கணக்குக் கேட்கும்போதுதான் விஷயம் தெரியவந்தால், அதன் பிறகு எழுதும் எந்த விளக்கத்தையும் டிரைவர் நம்புவதில்லை.

கடிதம் முதலில் சொல்ல வேண்டியது, கருவி ஏன் வருகிறது என்பதை. பயணிகள் வாகனங்களுக்கும், அண்மை ஆண்டுகளில் ஆபத்தான சரக்கு ஏற்றும் புதிய கனரக வண்டிகளுக்கும் ஏஐஎஸ் 140 என்ற தரத்துக்கு உட்பட்ட கருவியை மத்திய மோட்டார் வாகன விதிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. சிமெண்டோ முட்டையோ ஜவுளியோ ஏற்றும் சாதாரண லாரிக்கு அந்தக் கட்டாயம் பொதுவாக இல்லை. அங்கே கருவி வருவது முதலாளியின் விருப்பத்தால், அல்லது லோடு கொடுக்கும் கம்பெனி கேட்பதால். ஆகவே ‘அரசாங்கம் வைக்கச் சொன்னது’ என்று எழுதிவிட்டு நகர்வது சரியல்ல. டீசல் கணக்கு, வண்டித் திருட்டு, சரக்கு எப்போது வந்து சேரும் என்று கேட்கும் வியாபாரி என எது உண்மையான காரணமோ அதையே எழுத வேண்டும். காரணம் தெளிவாக இருந்தால்தான் கண்காணிப்பின் எல்லையையும் தெளிவாக வகுக்க முடியும்.

கருவி என்ன செய்கிறது

செயற்கைக்கோள் மேலிருந்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் செயற்கைக்கோளுக்கு அந்த லாரி இருப்பதே தெரியாது. அது நேரக் குறிப்போடு சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. லாரியில் உள்ள கருவி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி, தான் நிற்கும் இடத்தைத் தானே கணக்கிடுகிறது. பிறகு அதற்குள் இருக்கும் சிம் கார்டு, செல்போன் டவர் வழியாக அந்த விவரத்தை சர்வருக்கு அனுப்புகிறது. டவர் கிடைக்காத மலைப்பாதையில் விவரங்கள் கருவியிலேயே சேமிக்கப்பட்டு, டவர் கிடைத்ததும் மொத்தமாகப் போய்ச் சேரும். அதனால் ஆபீஸ் திரையில் ஒரு மணி நேரம் வண்டி அசையாமல் தெரிந்தாலும், அது ஓடிக்கொண்டிருக்கலாம்.

இருக்கும் இடம், வேகம், போகும் திசை, நேரம் ஆகிய நான்கும் எல்லாக் கருவியிலும் உண்டு. இவற்றோடு சாவியின் கம்பியில் ஓர் இணைப்புக் கொடுத்து, சாவி ஆனில் இருக்கிறதா ஆஃபில் இருக்கிறதா என்று அறிகிறார்கள். கருவி வண்டி பேட்டரியின் வோல்டேஜையும் அளக்கிறது. பேட்டரி இணைப்பைக் கழற்றினால், உள்ளே இருக்கும் சிறு பேட்டரியின் பலத்தில் ‘மின்சாரம் துண்டிக்கப்பட்டது’ என்று ஆபீசுக்குச் செய்தி அனுப்பும். சில முதலாளிகள் கூடுதலாக டீசல் டாங்கில் அளவுக் கம்பி இறக்குகிறார்கள். சிலர் திடீர் பிரேக்கைக் காட்டும் வசதியையும் வாங்குகிறார்கள். எந்தெந்த வசதி தன் வண்டியில் இருக்கிறது, எது இல்லை என்று கடிதம் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ‘வண்டி முழுவதும் கண்காணிக்கப்படும்’ என்ற ஒற்றை வரி எதையும் சொல்வதாகாது. கேபினில் பேசுவதைக் கருவி கேட்கிறதா என்பதுதான் டிரைவருக்கு முதலில் எழும் சந்தேகம். ஒலிவாங்கி இல்லாத கருவியானால், இல்லை என்று எழுதிவிடுவதே நல்லது.

அறிக்கை தவறுவது எப்படி

கருவி காட்டுவதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டால் டிரைவருக்கு அநியாயம் நடக்கும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். நாமக்கல்லிலிருந்து புனேவுக்குப் போகும் லாரி, கிருஷ்ணகிரி, பெங்களூரு, தாவணகெரே வழியாக ஹூப்ளியை நெருங்குகிறது. இரவு 10 மணிக்கு ஒரு தாபாவில் வண்டியை ஓரங்கட்டி, டிரைவர் கேபினிலேயே படுக்கிறார். புழுக்கம் தாங்காமல் சாவியைத் திருப்பிவைத்துச் சின்ன ஃபேனைப் போட்டுக்கொள்கிறார். இன்ஜின் ஓடவில்லை. காலை 4 மணிக்குக் கிளம்புகிறார்.

மறுநாள் அறிக்கையில் ‘6 மணி நேரம் ஐடிலிங்’ என்று வருகிறது. சாவி ஆன், வண்டி நிற்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து, இன்ஜின் ஓடிக்கொண்டே வண்டி நின்றதாக மென்பொருள் முடிவு செய்துவிட்டது. மணிக்கு 2 லிட்டர் என்று வைத்தாலும் 12 லிட்டர் டீசல் வீணானதாகக் கணக்கு வரும். அந்தப் பணத்தைப் படியில் பிடிக்கக் கணக்குப்பிள்ளை தயாராகிவிடுவார்.

உண்மையைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. 24 வோல்ட் பேட்டரி உள்ள லாரியில் இன்ஜின் ஓடினால், ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுவதால் வோல்டேஜ் 27, 28 என்று நிற்கும். இன்ஜின் ஓடாவிட்டால் 24, 25 அளவில் இருக்கும். ஃபேன் ஓட ஓட மெதுவாக இறங்கும். அந்த 6 மணி நேர வோல்டேஜ் பதிவை எடுத்துப் பார்த்தால் டிரைவர் சொன்னது மெய்யா பொய்யா என்று தெரிந்துவிடும். டாங்கில் அளவுக் கம்பி இருந்தால் அதுவும் சாட்சி சொல்லும்.

அந்தக் கம்பியும் ஏமாற்றக்கூடியதுதான். சரிவான இடத்தில் வண்டி நின்றால் டாங்கில் டீசல் ஒரு பக்கமாகச் சாயும். கம்பி இருக்கும் பக்கத்தில் மட்டம் இறங்கினால், டீசலை உருவிவிட்டதுபோல் அறிக்கை காட்டும். வண்டி சமதளத்துக்கு வந்ததும் அளவு பழையபடி ஏறிவிட்டால் அது சரிவின் வேலை. உருவிய டீசல் அப்படித் திரும்பி வராது. பேட்டரி துண்டிப்புச் செய்தியும் இப்படித்தான். சேஸிஸில் வெல்டிங் வைக்கும்போது மெக்கானிக் பேட்டரி இணைப்பைக் கழற்றுவது வழக்கம். கழற்றுவதற்கு முன் ஆபீசுக்கு ஒரு போன் செய்தால் போதும் என்று கடிதத்தில் எழுதிவைத்தால், பின்னால் சந்தேகத்துக்கு இடமில்லை.

எனவே அறிக்கையை மட்டும் வைத்துப் படியிலோ சம்பளத்திலோ பிடித்தம் செய்யப்படாது, டிரைவரின் விளக்கத்தைக் கேட்டு, மூலப் பதிவைப் பார்த்த பிறகே முடிவு என்ற வாசகம் கடிதத்தில் இருக்க வேண்டும். இது புதிய கொள்கை அல்ல. கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டத்துக்காகக் கூலியில் பிடிப்பதற்கு முன், காரணம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டமே வகுத்திருந்தது.

எல்லைகள்

ஆபீஸ் ஊழியருக்கு வேலை நேரம் வேறு, வீட்டு நேரம் வேறு. லாரி டிரைவருக்கு அப்படி இல்லை. வெளிமாநில ஓட்டத்தில் கேபின்தான் அவர் வேலை செய்யும் இடம், சாப்பிடும் இடம், தூங்கும் இடம். வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்தால், டிரைவர் எங்கே படுத்திருக்கிறார், எந்தக் கோயிலில் நிறுத்தினார், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார் என்பதும் தெரிந்துவிடும். கடிதத்தின் மிகக் கடினமான பகுதி இதுதான்.

ஓய்வு நேரத்தில் கருவியை அணைத்துவைக்க முடியாது. வண்டியும் சரக்கும் திருடு போவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். பதிவு நடக்கட்டும், ஆனால் பார்ப்பதற்குக் கட்டுப்பாடு வைக்கலாம். அதைக் கடிதம் இப்படிச் சொல்லலாம்: ‘இரவு ஹால்ட் போட்டதாக நீங்கள் சொன்ன பிறகு, வண்டி அந்த இடத்தை விட்டு நகர்ந்தாலோ பேட்டரி துண்டிக்கப்பட்டாலோ மட்டுமே ஆபீசிலிருந்து போன் வரும். வேறு காரணத்துக்காக உங்களை எழுப்ப மாட்டோம்.’ லோடு இல்லாமல் வண்டியை டிரைவர் தன் ஊரில் நிறுத்தியிருக்கும் நாட்களுக்கும் இதே விதி பொருந்தும்.

அடுத்தது, யார் பார்ப்பது என்ற கேள்வி. முதலாளி, ஓட்டங்களைக் கவனிக்கும் மேலாளர் என்று இரண்டு மூன்று பேருக்கு மட்டும் தனித்தனி பாஸ்வேர்டு கொடுப்பது ஒழுங்கு. ஒரே பாஸ்வேர்டைப் பத்துப் பேர் வைத்திருந்தால் யார் பார்த்தார்கள் என்று பின்னர் சொல்லவே முடியாது. சரக்குக்காரருக்கு அனுப்பும் நேரலை லிங்க், அந்த லோடு இறங்கியதும் காலாவதியாக வேண்டும். இல்லாவிட்டால், காலி வண்டியோடு டிரைவர் வீட்டுக்குப் போவதையும் யாரோ ஒரு வியாபாரி பார்த்துக்கொண்டிருப்பார். போலீசோ நீதிமன்றமோ சட்டப்படி கேட்டால் பதிவைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

எத்தனை நாள் வைத்திருப்பது என்பதற்கு ஒரே அளவு கிடையாது. தினசரி ஓட்டப் பாதையை, ட்ரிப் கணக்கு முடிந்து சச்சரவு தீரும் வரை, சொல்லப்போனால் 90 நாள், வைத்திருந்து அழிக்கலாம். விபத்து நடந்த ட்ரிப்பை மட்டும் தனியே எடுத்துவைக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் விபத்து இழப்பீட்டு மனுவுக்கு 6 மாதக் கெடு வைத்திருக்கிறது. 90 நாளில் எல்லாவற்றையும் அழித்துவிட்டால், வேகமாக ஓட்டவில்லை என்று டிரைவருக்காகச் சாட்சி சொல்லக்கூடிய பதிவும் சேர்ந்து அழிந்துவிடும்.

டிரைவரின் சொந்த செல்போனில் கண்காணிப்புச் செயலியை ஏற்றச் சொல்வது வேறு விஷயம். அது வண்டியோடு நிற்காது. டிரைவர் போகும் இடமெல்லாம் போகும். வண்டியில் கருவி இருக்கும்போது அதற்குத் தேவை இல்லை. கேபினை நோக்கிய கேமராவும் இதே கடிதத்தில் அடங்காது. பின்னால் ஒருநாள் அது வருவதானால் தனி அறிவிப்பும் தனிப் பேச்சும் வேண்டும்.

சட்டம் நிற்கும் இடம்

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான தேவைக்கும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும் ஊழியரின் தரவைத் தனிச் சம்மதம் இன்றிப் பயன்படுத்த இடம் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கடமைகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. டிரைவர் கையெழுத்துப் போடாவிட்டால் கருவி பொருத்தவே கூடாது என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் டீசல் கணக்குக்காக எடுத்த பதிவை வைத்து ஒருவர் எந்தச் சங்கக் கூட்டத்துக்குப் போனார் என்று பார்ப்பதை வேலைத் தேவை என்று சொல்வது கடினம். சம்மதம் கேட்க வேண்டிய இடங்களில், அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளிலும் படிக்க வழி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சம்மதம் தேவைப்படாத இந்தக் கடிதத்துக்கும் அதுவே நல்ல வழக்கம்.

கடிதத்தின் கடைசியில் மூன்று விவரங்கள் வேண்டும்: தன் ட்ரிப் பதிவைப் பார்க்க டிரைவர் யாரைக் கேட்பது, தவறு இருந்தால் எத்தனை நாளுக்குள் சொல்வது, எத்தனை நாளில் பதில் வரும். அதன் கீழே போடும் கையெழுத்து, ‘படித்தேன், அல்லது படித்துக் காட்டக் கேட்டேன்’ என்பதற்கான அடையாளம் மட்டுமே. எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டதாக அதற்குப் பொருள் கூடாது. ஒரு பிரதி டிரைவரிடம் இருக்கும். கருவியில் புதிய வசதி சேர்த்தாலோ, பதிவைப் பார்ப்பவர்கள் மாறினாலோ, பழைய கடிதம் செல்லாது. புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும்.