காலை விசாரிப்பு

காலை விசாரிப்பு என்பது, காலையில் எதிர்ப்படும் அறிந்தவர்கள் கேள்வி வடிவில் ஒருவருக்கொருவர் கூறிக்கொள்ளும் முகமன் ஆகும். "காபி ஆச்சா?", "கோயிலுக்கா?", "என்ன, கிளம்பியாச்சா?" போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவை வடிவத்தில் வினாக்கள். ஆனால் கேட்பவர் பெரும்பாலும் விடைக்காக நிற்பதில்லை. தலையசைத்துவிட்டுப் போவதற்கு ஈடாகவே இவற்றைச் சொல்கிறார். நேரமோ இடமோ மாறினால் அதே சொற்கள் உண்மையான கேள்விகளாகிவிடும்.

இத்தகைய பேச்சை மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923இல் ஆராய்ந்து எழுதினார். செய்தியைத் தெரிவிக்காமல் உறவை மட்டும் உறுதிசெய்யும் பேச்சு என்று அவர் இதை வகைப்படுத்தினார். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கும் மெலனீசிய மக்களின் வழக்கத்தையும் அவர் எடுத்துக்காட்டினார். தமிழ் வழக்கும் இதைப் போன்றதே. எனினும் எது கேள்வி, எது வெறும் முகமன் என்று பிரித்தறியும் முறை ஊரின் அன்றாட நடைமுறையைச் சார்ந்தது. கோயில்களும் தறிகளும் நிறைந்த பெரிய காஞ்சிபுரத்தில் இதைத் தெளிவாகக் காணலாம்.

நேரத்தோடு பொருந்தும் கேள்வி

ஏகாம்பரநாதர் கோயில், காமாட்சியம்மன் கோயில், குமரகோட்டம் ஆகியவை பெரிய காஞ்சிபுரத்தில் அமைந்துள்ளன. தேங்காய், பூ, பழம் வைத்த தட்டுடன் காலையில் ஒருவர் நடந்து வந்தால், அவர் எங்கே போகிறார் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். "கோயிலுக்கா?" என்று கேட்பவர் புதிதாக எதையும் அறிய விரும்புவதில்லை. "ஆமாங்க" என்று நடந்துகொண்டே சொன்னால் போதும். உச்சிவேளைப் பூசை முடிந்து நடை சாத்திய பிறகு அதே தட்டுடன் அவர் போனால் "கோயிலுக்கா?" என்பது கேள்வியாகிறது. நடை சாத்தியிருக்குமே, ஏதேனும் விசேஷமா என்ற வியப்பு அதில் சேர்ந்துகொள்கிறது. கேட்பவர் நின்றும் விடுவார்.

விடை கண்முன்னே தெரியும்போது கேட்கும் கேள்வி முகமன், கண்முன்னே தெரிவது வழக்கத்தோடு ஒட்டாதபோது கேட்கும் கேள்வி உண்மைக் கேள்வி என்று இதைப் பொதுவாகச் சொல்லலாம். பேச்சுத் தமிழ் இதற்கு ஓர் அடையாளத்தையும் தருகிறது. "என்ன தம்பி" என்பது முகமன். "என்ன தம்பி, காலையிலேயே?" என்பது காரணம் கேட்பது. "காலையிலே" என்பதோடு சேரும் அந்த ஏகாரம், இது நீ வரும் நேரம் இல்லையே என்று சொல்லிவிடுகிறது. இதற்கு "ஆமாண்ணே" என்று மட்டும் சொல்லி நகர்ந்தால் கேட்டவருக்குச் சற்று மனத்தாங்கல் ஏற்படும்.

"ஆச்சா?"

காலை விசாரிப்புகளில் மிகுதியாகப் புழங்குவது "ஆயிற்றா" என்பதன் பேச்சு வடிவமான "ஆச்சா". விடிந்த பின் காபி அல்லது டீ, சற்றுப் பொறுத்து டிபன், நண்பகலில் சாப்பாடு என இதன் முன்னே வரும் சொல் கடிகாரத்தோடு மாறிக்கொண்டே போகும். காபி தமிழகத்தில் பரவலானது அண்மைக் காலத்தில்தான் என்பதால் "காபி ஆச்சா?" பழைய வழக்கமன்று, கேட்கும் முறை அப்படியே இருக்க, பொருள் மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு வசதியும் உண்டு. "சாப்பிட்டியா", "சாப்பிட்டீங்களா" என்று கேட்டால் எதிரில் இருப்பவரை ஒருமையில் அழைப்பதா, மரியாதையாக அழைப்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். "ஆச்சா" என்பதில் அந்தச் சிக்கல் இல்லை. வயதிலோ உறவிலோ ஐயம் உள்ளவர்களிடம் இது எளிதில் பயன்படுகிறது.

தெருவில் "டிபன் ஆச்சா?" என்பதற்கு "ஆச்சு, உங்களுக்கு?" என்பதே விடை. உண்மையில் சாப்பிட்டாரா என்பது பொருட்டில்லை. வீட்டு வாசலில் அப்படியன்று. வந்தவர் "இன்னும் இல்லை" என்றால் வீட்டார் இலையோ தட்டோ வைத்தாக வேண்டும். அதனால் பசியோடு வந்தவரும் முதலில் "ஆச்சுங்க" என்றே சொல்வார். வீட்டார் அதை அப்படியே நம்பிவிட மாட்டார். இன்னொரு முறை கேட்பார். முதல் முறை கேட்டது முகமன், இரண்டாம் முறை கேட்பது உபசாரம். அந்த இரண்டாவது கேள்வி வராவிட்டால், முதல் கேள்வி பேச்சுக்குக் கேட்டது என்று வந்தவர் புரிந்துகொள்வார்.

தறி வீட்டில்

காஞ்சிபுரத்தின் நெசவாளர் பகுதிகளில் ஒன்றான பிள்ளையார்பாளையத்தைச் சான்றாகக் கொள்ளலாம். காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலையை நெய்யப் பொதுவாக இருவர் தேவை. தறியில் அமர்ந்திருப்பவர் நெய்ய, பக்கத்தில் இருக்கும் துணை ஆள் ஒரு பக்கத்துக் கரைக்கான நாடாவை வாங்கி எறிவார். அவர் வராவிட்டால் கோர்வை வேலை நடக்காது.

எனவே அங்கே ஒரே வேளையில் இரண்டு விதமான கேள்விகள் எழும். திண்ணையில் இருக்கும் மூத்தவர் "என்னப்பா, டீ ஆச்சா?" என்றால், "ஆச்சு பெரியப்பா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விடலாம். "ஆள் வந்தாச்சா?" என்று அவர் கேட்டால் நின்று பதில் சொல்ல வேண்டும். வராவிட்டால் அன்றைய கூலி போகும்; வேறு ஆள் தேடுவதானால் அப்போதே தேட வேண்டும். இரண்டிலும் "ஆச்சா" என்ற அதே முடிவுதான் உள்ளது. முன்னதன் விடையால் எதுவும் மாறப்போவதில்லை. பின்னதன் விடையால் ஒரு நாள் வேலையே மாறும். பதினொரு மணி வாக்கில் "டீ ஆச்சா?" என்று கேட்டால் அதுவும் வேறுபடும். வேலையின் நடுவே வரும் அந்தக் கேள்விக்கு, வா போய்க் குடித்துவிட்டு வரலாம் என்பதே பொருள்.

கேட்கக் கூடாதவை

வெளியே கிளம்புபவரிடம் "எங்கே போறீங்க?" என்று கேட்பதைச் சகுனத் தடையாகப் பலரும் கருதுகின்றனர். ஆகவே "தூரமா?" என்றோ, "கிளம்பியாச்சு போல" என்றோ கேட்பர். பின்னது கேள்வியே அன்று. சொல்ல விரும்பினால் சொல்லலாம், இல்லையேல் சிரித்துவிட்டுப் போகலாம் என்ற இடம் அதில் இருக்கிறது. "நல்லா இருக்கீங்களா?" என்பது நெடுநாள் கழித்துச் சந்திப்பவருக்கு உரியது. நேற்றுப் பார்த்த அண்டை வீட்டுக்காரரிடம் அதைக் கேட்டால், தன் முகம் வாடித் தெரிகிறதோ என்று அவர் எண்ணக்கூடும்.

"வணக்கம்" என்பது ஆசிரியர், அலுவலர், புதியவர் ஆகியோருக்குச் சொல்லப்படுகிறது. அன்றாடம் முகம் பார்க்கும் பக்கத்து வீட்டாரிடம் அதைச் சொன்னால் விளையாட்டாகவோ, கோபமாகவோ தோன்றும். "காலை வணக்கம்" ஆங்கில வழக்கைப் பின்பற்றி அமைந்தது. மேடையிலும் கைபேசியிலும் புழங்கும் அளவுக்குத் தெருவில் புழங்குவதில்லை.

துக்க வீட்டில் இம்முறை முழுவதும் தலைகீழாகிறது. அங்கே வருபவரை "வாங்க" என்று அழைப்பதில்லை. திரும்புபவரும் "போயிட்டு வரேன்" என்று சொல்வதில்லை. நலம் விசாரிப்பதும் இல்லை. ஆனால் "சாப்பிட்டீங்களா?" என்பது மட்டும் கேட்கப்படும். அன்று அவ்வீட்டில் உலை வைப்பதில்லை என்பதால் உறவினரோ அண்டை வீட்டாரோ உணவு கொண்டுவருவர். இறந்தவரின் மனைவியிடமோ மகனிடமோ காலையில் "டீயாவது குடிச்சீங்களா?" என்று கேட்பவர் விடைக்காகக் காத்திருப்பார். "ஆச்சு" என்று சொன்னாலும் நம்பமாட்டார். கையில் டம்ளரோடுதான் கேட்டிருப்பார்.